3.3 வோல்ட் ஈஎஸ்பி32-க்கு 5 வோல்ட் டேங்க் சென்சாரின் எக்கோ ஒயரை எப்படிக் கொடுப்பது?

கள்ளிக்குடி_செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா தோட்டத்து வீட்டு மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க் இருக்கிறது. தண்ணீர் மட்டம் பார்க்க ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற வாட்டர்புரூஃப் அல்ட்ராசோனிக் சென்சார் போட்டிருக்கிறார்கள். சென்சார் போர்டு மாடியில் ஒரு டப்பாவுக்குள், ஈஎஸ்பி32 கீழே அடுப்படிப் பக்கத்தில். நடுவில் சுமார் 12 மீட்டர் ஒயர். மாடியில் ஒரு போன் சார்ஜர், கீழே ஒரு போன் சார்ஜர் என்று தனித்தனி கரண்ட்.

இதைச் செய்து கொடுத்தவர் இப்போது வெளியூரில் இருக்கிறார். சில மாதம் நன்றாக ஓடியது. இந்த ஆடியிலிருந்து தூரம் 0 என்றே காட்டுகிறது. டப்பாவைத் திறந்து பார்த்தால் சென்சாரின் எக்கோ ஒயர் நேராக ஈஎஸ்பியின் 35-ஆம் பின்னுக்குப் போகிறது, நடுவில் ஒரு ரெசிஸ்டர்கூட இல்லை. சென்சார் 5 வோல்ட், ஈஎஸ்பி 3.3 வோல்ட்.

கேட்க வேண்டியது இரண்டு. போனது பின்னா, சென்சாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புது போர்டு வாங்கினால் எக்கோவை எப்படிக் கொடுத்தால் பாதுகாப்பு? கடையில் கேட்டதற்கு "நேராவே கொடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அதை நம்ப மனசு வரவில்லை.

வாடிப்பட்டி_தோட்டம்

தம்பி, 5 வோல்ட்டை 3.3 ஆக்க ஒரு பக் கன்வெர்ட்டர் போர்டு வாங்கிப் போடுங்கள். சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி 3.3-க்கு வைத்தால் சரி. என் சொட்டு நீர் டைமருக்கு அப்படித்தான் செய்தேன். 7805 மட்டும் வேண்டாம், கை வைக்க முடியாத சூடு.

கள்ளிக்குடி_செல்வம்

அண்ணே, கரண்ட் கொடுப்பதில் பிரச்சினை இல்லை. ஈஎஸ்பி போர்டிலேயே 3.3 ரெகுலேட்டர் இருக்கிறது. சென்சாரிலிருந்து திரும்பி வருகிற சிக்னல் ஒயரில் 5 வோல்ட் இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

வைகை_மேக்கர்

செல்வம், இதற்கு இவ்வளவு பயம் வேண்டாம். எக்கோ ஒயரில் ஒரு 1கே ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் போதும். சிப்புக்குள் ஒவ்வொரு பின்னிலும் பாதுகாப்பு டயோடு இருக்கிறது. 3.3-க்கு மேல் வருவதை அது சப்ளைக்குத் தள்ளிவிடும், கரண்டை 1கே கட்டுப்படுத்தும். எங்கள் வீட்டில் இப்படி ஓடுகிற போர்டு பழுதே ஆனதில்லை. ஈஎஸ்பி8266-க்கு 5 வோல்ட் தாங்கும் என்று நெட்டில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள்.

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

செல்வம் தம்பி, முதலில் பின்னைச் சோதித்துவிடுங்கள். எக்கோ ஒயரைக் கழற்றிவிட்டு இந்தச் சின்ன நிரலை ஏற்றுங்கள்:

```cpp
void setup() {
  Serial.begin(115200);
  pinMode(35, INPUT);
}
void loop() {
  Serial.println(digitalRead(35));
  delay(500);
}
```

35-ஆம் பின்னை ஒரு 1கே வழியாகப் போர்டின் 3.3-இல் தொடுங்கள், 1 வர வேண்டும். அதே 1கே வழியாகக் கிரவுண்டில் தொடுங்கள், 0 வர வேண்டும். எங்கே தொட்டாலும் ஒரே எண் வந்தால் அந்தப் பின் போய்விட்டது. எதையும் தொடாமல் இருக்கும்போது 0, 1 என்று மாறி மாறி வந்தால் அதைப் பழுதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 34 முதல் 39 வரை உள்ள பின்களில் உள்ளே புல்-அப் கிடையாது, அதனால் அந்தரத்தில் விட்டால் அப்படித்தான் அலையும்.

மல்டிமீட்டரை எக்கோ ஒயரில் வைத்துச் சென்சாரைச் சோதிக்க முயல வேண்டாம். தண்ணீர் 1 மீட்டர் கீழே இருந்தால் எக்கோ 5.8 மில்லி செகண்ட் மட்டும் மேலே ஏறி இறங்கும். நொடிக்கு ஒரு முறை அளந்தால் மீட்டர் சராசரியாக 0.03 வோல்ட்தான் காட்டும். சென்சார் செத்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

நேராகக் கொடுத்தும் பல மாதம் ஓடியதற்குக் காரணமும் அதேதான். 5 வோல்ட் அந்தப் பின்னில் நின்றது மிகக் கொஞ்ச நேரம். ஈஎஸ்பி32-இன் தரவுத்தாளில் உள்ளீட்டுக்கு உச்ச வரம்பு சப்ளையோடு 0.3 வோல்ட் சேர்த்து, அதாவது 3.6. ஒவ்வொரு துடிப்பிலும் அதைத் தாண்டி 1.4 வோல்ட் போயிருக்கிறது.

மேக்கர் சொன்னதில் பாதி சரி. ரெசிஸ்டர் கரண்டைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அந்த வழியில் வோல்ட்டேஜைப் பிடித்து நிறுத்துவது சிப்பின் உள்ளே இருக்கிற பாதுகாப்பு. அது கையிலிருந்து வரும் நிலைமின்சாரத்துக்காக வைத்தது, தினமும் வேலை வாங்குவதற்காக வைத்தது இல்லை. இவ்வளவு கரண்டைத் தொடர்ந்து தாங்கும் என்று தயாரிப்பாளர் ஒரு எண் கொடுத்திருந்தால் அதை நம்பி வடிவமைக்கலாம். கொடுக்காத இடத்தில் நம்புவதற்கு நமக்கு ஆதாரம் இல்லை.

செய்ய வேண்டியது இரண்டு ரெசிஸ்டர் வைத்து வோல்ட்டேஜைப் பிரிப்பது. எல்லோரும் 1கே, 2கே என்று எழுதுவார்கள். 2கே நம் டவுன்ஹால் ரோடு கடைகளில் எல்லா நேரமும் கிடைக்காது, 2.2கே எடுத்துக் கொடுப்பார்கள். அது 3.44 வோல்ட் தரும், எல்லைக்கு மிக நெருக்கம். அதனால் ஒரே 10கே மூன்று வாங்குங்கள். எக்கோவிலிருந்து பின்னுக்கு ஒன்று, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு மீதி இரண்டும் வரிசையாக.

`5 × 20 / (10 + 20) = 3.33`

ஈஎஸ்பி32 ஒன்று என்று உறுதியாக எடுத்துக்கொள்ள 2.475 வோல்ட் போதும், அதாவது சப்ளையில் முக்கால். சார்ஜர் 5.25 கொடுத்தாலும் நடுப்புள்ளியில் 3.5 வரும், 4.75-க்கு இறங்கினாலும் 3.17 வரும். இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது.

வைகை_மேக்கர்

அண்ணே, 10கே, 20கே போட்டால் சிக்னல் மந்தமாகிவிடாதா? 12 மீட்டர் ஒயர் வேறு. அதனால்தான் 1கே, 2கே என்று எல்லோரும் போடுகிறார்கள்.

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

நல்ல கேள்வி. அது ரெசிஸ்டரை எந்த முனையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மாடியில் சென்சார் பக்கத்திலேயே பிரித்து 3.3 ஆக்கி அனுப்பினால் 12 மீட்டர் ஒயரின் கெபாசிட்டன்ஸ் முழுவதையும் ரெசிஸ்டர் வழியாக நிரப்ப வேண்டும். மீட்டருக்கு 100 பிக்கோஃபேரட் என்று வைத்தால் 1200. பின்னிலிருந்து பார்க்கும்போது 10-உம் 20-உம் இணையாகச் சேர்ந்து 6.7கே. இரண்டையும் பெருக்கினால் 8 மைக்ரோ செகண்ட். ஒரு சென்டிமீட்டருக்கு எக்கோ 58 மைக்ரோ செகண்ட் என்பதால் டேங்க் அளவில் இது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அதே ஒயரில் 115200 வேகத்தில் சீரியல் அனுப்பினால் ஒரு பிட்டே 8.7 மைக்ரோ செகண்ட்தான், எழுத்தெல்லாம் சிதைந்து வரும்.

கீழே ஈஎஸ்பி பக்கத்தில் பிரித்தால் நீண்ட ஒயரைச் சென்சார் நேராக இழுக்கிறது. ரெசிஸ்டருக்குப் பிறகு இரண்டு அங்குல ஒயர்தான், தாமதம் ஒரு மைக்ரோ செகண்டுக்கும் கீழே. அதனால் ரெசிஸ்டர் மூன்றும் ஈஎஸ்பியின் பின்னை ஒட்டியே இருக்கட்டும். மாடியிலிருந்து ஒயரில் ஏறி வருகிற தூண்டல் எதுவாக இருந்தாலும் 10கே-வைத் தாண்டித்தான் பின்னுக்கு வர வேண்டும் என்பது கூடுதல் லாபம்.

பெரிய மதிப்பு போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிரவுண்ட் பக்க ரெசிஸ்டரின் ஈயம் விட்டுவிட்டால் 5 வோல்ட்டை யாரும் பிரிக்க மாட்டார்கள். அப்போது உள்ளே போவது 1கே-வில் ஒரு மில்லி ஆம்பியருக்கு மேல், 10கே-வில் அதில் பத்தில் ஒன்று.

உசிலை_ரேடியோ

அண்ணே சொன்னது சரி. ஆனால் தம்பிக்கு இரண்டு சார்ஜர் இருக்கிறதே, அதை யாரும் பார்க்கவில்லை. கீழே சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் ஈஎஸ்பி செத்துக் கிடக்கும், மாடியில் சென்சாருக்குக் கரண்ட் இருக்கும். அப்போது 3.3 சப்ளையே 0. பின்னில் 3.33 வோல்ட் வந்தாலும் அது சப்ளையை விட 3.33 அதிகம்தானே? நான் டிவி ரிப்பேரில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு போர்டு ஆஃப், பக்கத்துப் போர்டு ஆன் என்றால் சிக்னல் ஒயர் வழியாகவே கரண்ட் ஏறி, ஆஃபான போர்டில் எல்இடி மங்கலாக எரியும்.

நான் போடுவது 1என்4148 டயோடு ஒன்று. கோடு போட்ட முனை சென்சார் எக்கோவுக்கு, மறு முனை பின்னுக்கு. பின்னிலிருந்து 3.3-க்கு ஒரு 10கே. எக்கோ மேலே போனால் டயோடு மூடிக்கொள்ளும், பின்னை 10கே 3.3-க்குத் தூக்கும். எக்கோ கீழே வந்தால் டயோடு பின்னைக் கீழே இழுக்கும். 5 வோல்ட்டிலிருந்து ஒரு சொட்டுக் கரண்டும் சிப்புக்குள் போகாது. ஈஎஸ்பி ஆஃபில் இருந்தாலும் அதே கதைதான்.

வைகை_மேக்கர்

ட்ரிகர் வந்தால்தானே எக்கோ வரும். ஈஎஸ்பி ஆஃப் என்றால் ட்ரிகர் இல்லை, எக்கோ 0-விலேயே கிடக்கும். அப்புறம் என்ன கரண்ட் ஏறப்போகிறது?

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

மேக்கர் சொல்வது இந்தச் சென்சாரைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈஎஸ்பி ஆஃபாகிவிட்டால் 12 மீட்டர் ட்ரிகர் ஒயரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. பக்கத்தில் மோட்டார் ஒயர் போகிறதென்றால் அதிலிருந்து வரும் தூண்டலே சென்சாரைத் தட்டிவிடலாம். சும்மா இருக்கும்போதே 5 வோல்ட்டில் நிற்கிற சென்சார்களும் நிறைய இருக்கின்றன. அவற்றில் உசிலை அண்ணன் சொன்னது முழுக்கப் பொருந்தும்.

10கே பிரிப்பானில் அந்த நிலைமையில் அதிகபட்சம் 0.4 மில்லி ஆம்பியர் அளவுதான் ஏற முடியும். நேராகக் கொடுத்திருந்தால் சென்சாரால் முடிந்த அளவு. என் பார்வையில் 0.4-ஐப் பொறுத்துக்கொள்ளலாம், இருந்தாலும் இல்லாமல் இருப்பது நல்லது.

டயோடு வழி நல்ல வழி. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள ஈஎஸ்பி32-க்கு 0.825 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும். 1என்4148-இல் 0.6 அளவு விழும், அதோடு சென்சாரின் சொந்த 0 நிலை 0.1 அல்லது 0.2 இருக்கும். சேர்த்தால் எல்லையைத் தொடுகிறது. பிஏடி85 மாதிரி ஷாட்கி டயோடு போட்டால் 0.3 அளவில் முடிந்துவிடும். அப்புறம் தம்பி 35-ஆம் பின்னையே வைத்துக்கொள்வதாக இருந்தால் வெளியே அந்த 10கே கட்டாயம். நிரலில் INPUT_PULLUP என்று எழுதினாலும் அந்தப் பின்னில் வேலை செய்யாது.

கள்ளிக்குடி_செல்வம்

ரொம்ப நன்றி. சோதித்தேன். 35-ஐ எங்கே தொட்டாலும் 0. 34-இல் அதே சோதனை செய்தால் ஒழுங்காக 1, 0 மாறுகிறது. ஆக பின்தான் போயிருக்கிறது. சென்சார் சரியா என்று இனிமேல்தான் தெரியும். புது போர்டு வாங்கப் போகிறேன்.

இன்னொரு சந்தேகம். ட்ரிகர் எதிர்ப் பக்கம் போகிறது. ஈஎஸ்பி 3.3 கொடுக்கிறது, சென்சார் 5 வோல்ட். அதற்கும் ஏதாவது போட வேண்டுமா?

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

அந்தப் பக்கம் யாருக்கும் ஆபத்து இல்லை, 3.3 வோல்ட் 5 வோல்ட் சிப்பை ஒன்றும் செய்யாது. கேள்வி, 3.3-ஐ அது 1 என்று ஒத்துக்கொள்ளுமா என்பதுதான். டிடிஎல் வகை உள்ளீட்டுக்கு 2 வோல்ட் போதும். சீமாஸ் வகை என்றால் சப்ளையில் 0.7 பங்கு, அதாவது 3.5 வோல்ட் வேண்டும். இந்த அல்ட்ராசோனிக் போர்டுகள் 3.3 ட்ரிகரை வழக்கமாக ஏற்றுக்கொள்கின்றன. முதலில் நேராகவே கொடுத்துப் பாருங்கள்.

சில நேரம் அளந்து சில நேரம் விட்டுவிட்டால் நடுவில் 74எச்சிடி125 என்ற ஐசியைப் போடுங்கள், அதன் சப்ளை 5 வோல்ட். கடையில் வாங்கும்போது நடுவில் இருக்கிற அந்த "டி" எழுத்தைப் பாருங்கள். அது இல்லாத 74எச்சி125 கொடுத்தால் அதுவும் 3.5 வோல்ட் கேட்கும், போட்டும் போடாத மாதிரிதான். எனேபிள் பின்னைக் கிரவுண்டில் கட்ட மறக்க வேண்டாம். பயன்படுத்தாத உள்ளீடுகளையும் கிரவுண்டில் கட்டுங்கள்.

இரண்டு சார்ஜர் என்பதால் கிரவுண்ட் ஒயர் ஒன்று மாடியிலிருந்து கீழே வரை கண்டிப்பாக வர வேண்டும். இப்போது எத்தனை ஒயர் வருகிறது?

கள்ளிக்குடி_செல்வம்

மூன்று வருகிறது அண்ணே. ட்ரிகர், எக்கோ, கிரவுண்ட்.

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

சரி, அது போதும். இணைக்கும்போது கிரவுண்டை முதலில், கழற்றும்போது கடைசியில்.

பரங்குன்றம்_தேன்மொழி

அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் கல்லூரிப் பிராஜெக்டிலும் ஈஎஸ்பி32-தான். 16×2 எல்சிடி, பின்னால் ஐ2சி போர்டு ஒட்டியது. எல்சிடிக்கு 5 வோல்ட் கொடுத்திருக்கிறேன். இங்கே சொன்ன மாதிரியே எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டிலும் 10கே, 20கே போட்டேன். பின்விளக்கு எரிகிறது, ஆனால் ஸ்கேனர் நிரலில் ஒரு முகவரியும் வரவில்லை. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தால் 0x27 வருகிறது. அப்படியென்றால் நேராகவே விட்டுவிடலாமா?

வைகை_மேக்கர்

தேன்மொழி, வேலை செய்கிறது என்றால் விட்டுவிடுங்கள்மா. பாதி உலகம் அப்படித்தான் ஓட்டுகிறது.

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

விட வேண்டாம்மா. முகவரி ஏன் வரவில்லை என்பதைப் பார்த்துவிடலாம், காரணம் நல்ல காரணம்.

எக்கோ ஒரு வழிப் பாதை. சென்சார் பேசும், ஈஎஸ்பி கேட்கும். ஐ2சி-யில் ஒரே ஒயரில் இருவரும் பேசுவார்கள். யாரும் ஒயரை மேலே தள்ளுவதில்லை, கீழே இழுக்க மட்டும் செய்வார்கள். மேலே தூக்குவது புல்-அப் ரெசிஸ்டர். உங்கள் எல்சிடி பின்னால் இருக்கிற போர்டில் வழக்கமாக 4.7கே, 5 வோல்ட்டுக்குக் கட்டியிருப்பார்கள்.

இப்போது ஈஎஸ்பி தன் பக்கம் ஒயரை 0-க்கு இழுக்கிறது என்று வையுங்கள். அதற்கும் எல்சிடிக்கும் நடுவில் உங்கள் 10கே. மறுபக்கம் 4.7கே 5 வோல்ட்டைப் பிடித்து இழுக்கிறது. எல்சிடி பின்னில் நிற்பது

`5 × 10 / (10 + 4.7) = 3.4`

ஈஎஸ்பி 0 என்று கத்துகிறது, எல்சிடிக்கு 3.4 வோல்ட்தான் போய்ச் சேருகிறது. தன்னை யாரோ கூப்பிட்டதே அதற்குத் தெரியாது.

இதற்குப் பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட் வைத்த சின்ன லெவல் ஷிஃப்டர் போர்டு வாங்குங்கள். ஒரு பக்கம் எல்வி, மறுபக்கம் எச்வி என்று எழுதியிருக்கும். எல்வி-க்கு 3.3, எச்வி-க்கு 5. உள்ளே மாஸ்ஃபெட்டின் கேட் 3.3-இல், சோர்ஸ் ஈஎஸ்பி பக்கம், டிரெயின் எல்சிடி பக்கம். இரண்டு பக்கமும் 10கே புல்-அப். யாரும் இழுக்காதபோது கேட்டும் சோர்ஸும் 3.3-இல் சமமாக இருக்கும், மாஸ்ஃபெட் மூடியிருக்கும். ஈஎஸ்பி இழுத்தால் சோர்ஸ் 0-க்கு வரும், மாஸ்ஃபெட் திறந்து எல்சிடி பக்கத்தையும் கூடவே இழுக்கும். எல்சிடி இழுத்தால் மாஸ்ஃபெட்டின் உள் டயோடு முதலில் சோர்ஸைக் கீழே கொண்டுவரும், அப்புறம் மாஸ்ஃபெட்டே திறந்து முழுக்க இழுத்துவிடும்.

எல்வி, எச்வி இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஈஎஸ்பி பக்கப் புல்-அப் 5 வோல்ட்டுக்குப் போய்விடும். அதனால் ஈஎஸ்பியின் எஸ்டிஏ, எஸ்சிஎல் ஒயர்களைக் கோர்ப்பதற்கு முன்னால், ஷிஃப்டருக்குக் கரண்ட் கொடுத்து மீட்டரில் அளந்து பாருங்கள். ஈஎஸ்பிக்குப் போக வேண்டிய முனையில் 3.3, எல்சிடி முனையில் 5. இங்கே எக்கோ மாதிரித் துடிப்பு இல்லை, நிலையாக நிற்கும், மீட்டர் சரியாகக் காட்டும்.

பரங்குன்றம்_தேன்மொழி

புரிந்தது அண்ணா. எல்சிடிக்கே 3.3 கொடுத்துவிட்டால் இதெல்லாம் வேண்டாமே என்று தோழி சொல்கிறாள்.

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

ஐ2சி போர்டு 3.3-இல் ஓடும். ஆனால் 5 வோல்ட் எல்சிடியில் எழுத்து மங்கிவிடும், கான்ட்ராஸ்ட் திருகினாலும் தெரியாமல் போகலாம். 3.3-க்கென்றே செய்த எல்சிடி என்றால் உங்கள் தோழி சொல்வதுதான் எல்லாவற்றையும்விட நல்ல வழி. வோல்ட்டேஜ் மாற்றுகிற வேலையே இல்லாமல் போவதற்கு ஈடு எதுவும் கிடையாது. சென்சாரிலும் அப்படித்தான். எச்சி-எஸ்ஆர்04 பழைய வகைக்கு 5 வோல்ட் வேண்டும், கடைசியில் "பி" எழுத்துடன் வருகிற வகை 3.3-இலும் ஓடும்.

உசிலை_ரேடியோ

அப்படியென்றால் செல்வம் தம்பியும் இந்த ஷிஃப்டர் போர்டையே எக்கோவுக்குப் போடலாமே?

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

தாராளமாக. ஈஎஸ்பி ஆஃபில் இருந்தாலும் அதன் உள் டயோடு எதிர்த் திசையில் இருப்பதால் 5 வோல்ட் உள்ளே ஏறாது. உங்கள் டயோடு வழியில் கிடைக்கிற அதே பாதுகாப்பு, கூடவே 0 நிலை இன்னும் சுத்தமாக வரும். ஒரு துடிப்புக்காக நான்கு சேனல் போர்டு வேண்டுமா என்பது மட்டும்தான். அந்த இரண்டு சார்ஜர் ஏற்பாட்டுக்கு நானாக இருந்தால் இதைத்தான் போடுவேன். ஒரே சார்ஜரிலிருந்து இரண்டுக்கும் கரண்ட் போனால் மூன்று 10கே போதும்.

கள்ளிக்குடி_செல்வம்

புது போர்டு வந்தது. ஷிஃப்டர் கடையில் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரும் என்றார்கள். அதுவரைக்கும் மூன்று 10கே ஈயம் வைத்துவிட்டேன். எக்கோவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சார்ஜரின் 5 வோல்ட்டை நிலையாகக் கொடுத்து, ஈஎஸ்பியோடு சேர்க்காமல் அளந்தேன். முதலில் நடுப்புள்ளியில் 1.7 வோல்ட் வந்தது, சார்ஜர் 5.12.

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

இரண்டு 10கே மேல் பக்கமும் ஒன்று கிரவுண்ட் பக்கமுமாகத் திரும்பியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதுதான் அர்த்தம். 1.7 சிப்பைக் கெடுக்காது. ஆனால் 0.825-க்கும் 2.475-க்கும் நடுவில் நிற்பதால் 0-வா 1-ஆ என்று அதற்கே தெரியாது. சேர்க்காமல் அளந்தது நல்லதாகப் போயிற்று.

கள்ளிக்குடி_செல்வம்

ஆமாம் அண்ணே, திரும்பித்தான் இருந்தது. மாற்றினேன், இப்போது 3.41. ஈஎஸ்பியோடு சேர்த்தாகிவிட்டது, சென்சார் நன்றாகவே இருக்கிறது. ட்ரிகரை நேராகத்தான் கொடுத்திருக்கிறேன், விடாமல் அளக்கிறது. டேங்க் மூடியிலிருந்து தண்ணீர் வரை 62 சென்டிமீட்டர் என்று காட்டுகிறது, டேப்பில் 61 வந்தது. மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் ஒரு தடவை 180 என்று குதிக்கிறது.

உசிலை_ரேடியோ

அந்தக் குதிப்பு லெவல் ஷிஃப்டர் விஷயம் இல்லை தம்பி. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வருகிற மின் இரைச்சல் ஒயரில் ஏறுகிறது. எக்கோ ஒயரோடு கிரவுண்ட் ஒயரை முறுக்கி விடுங்கள், மோட்டார் ஒயரோடு ஒட்டிப் போகாமல் பாருங்கள். நிரலில் ஐந்து தடவை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொண்டால் தப்பித்துவிடலாம்.

வைகை_மேக்கர்

செல்வம், ஷிஃப்டர் வருவதற்கு முன்னால் ஒன்று செய்வீர்களா? கீழ்ச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, எக்கோ முனையில் 5 வோல்ட்டை நிலையாகக் கொடுத்து, ஈஎஸ்பி போர்டின் 3.3 பின்னில் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து சொல்லுங்கள். ஈஎஸ்பி32-இன் பின்னிலிருந்து சப்ளைக்கு நேரான டயோடு இருக்கிறதா, வேறு விதமான பாதுகாப்பா என்று நான் படித்த இடமெல்லாம் வேறு வேறாகச் சொல்கிறார்கள். 10கே வழியாகத்தான் போகிறது என்பதால் போர்டுக்கு ஆபத்து இல்லை.

பசுமலை_இன்ஸ்ட்ருமென்ட்

செய்யலாம். 3.3 பின்னில் ஒன்றும் ஏறாவிட்டால் டயோடு இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரெகுலேட்டரும் போர்டின் எல்இடியும் அந்த 0.4 மில்லி ஆம்பியரைச் சாப்பிட்டுவிடும். எக்கோ பக்க 10கே-வின் இரு முனைக்கும் நடுவில் எவ்வளவு விழுகிறது என்றும் சேர்த்து அளங்கள். 1.7 அளவு என்றால் பிரிப்பான் மட்டும் வேலை செய்கிறது, சிப்புக்குள் எதுவும் போகவில்லை. 4 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் பின் வழியாக உள்ளே போகிறது.

கள்ளிக்குடி_செல்வம்

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போகிறேன், இரண்டையும் அளந்து இங்கேயே போடுகிறேன்.